தூண் பக்கத்துச் சஹன்

இரண்டாம் தரத்திலிருந்து நாங்கள் கீறிட்ட இடங்களை நிரப்பி வருகிறோம். காகத்தின் நிறம் ______. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தால் முப்பத்தெட்டுப் பேரும் ‘கறுப்பு’ என்று எழுத வேண்டும். எழுதினால் எல்லோருக்கும் புள்ளி. மற்றவர்கள் எதை எழுதுவார்களோ அதையே எழுதுவதுதான் அந்தக் கேள்வியில் கெட்டித்தனம்.

இன்னொரு வகைக் கீறிட்ட இடமும் இருக்கிறது. ‘உங்களுக்கு வயது போய்விட்டது என்று எப்போது தெரியும்? ______ போது.’ இதில் எல்லோரும் எழுதுவதை எழுதினால் பூச்சியம். ‘தலை நரைக்கும்போது’ என்று நிரப்பிப் பாருங்கள். பிழையில்லை, காகம் கறுப்பு என்பதைப் போலச் சரியான விடைதான். ஆனால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

சென்ற தவணை முடிவில் எங்கள் உயர்தர மாணவியர் மன்றம் பெற்றோருக்காக ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தது. பேச்சு, கஸீதா, குறுநாடகம் எல்லாம் பங்கிட்ட பிறகு ஐந்து நிமிடம் மிஞ்சியது. ‘அதுக்குப் பகிடி ஏதும் சொல்லுங்க’ என்று அதை என் தலையில் கட்டினார்கள். வகுப்பில் அதிகம் கதைப்பவள் நான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கேட்கப் போகிறவர்கள் உம்மாமாரும் வாப்பாமாரும் என்பதால் வயதைப் பற்றிப் பத்து வரி எழுதுவது என்று முடிவு செய்தேன். கையில் இரண்டு கிழமை இருந்தது.

இந்த வாய்பாடு நான் கண்டுபிடித்ததல்ல. ஆங்கிலத்தில் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளிலேயே இதை அச்சடித்து விற்கிறார்கள். இதே அச்சில் வார்த்த இன்னொரு வாய்பாட்டினால் பேர் எடுத்தவர் ஜெஃப் ஃபொக்ஸ்வர்தி என்ற அமெரிக்க நகைச்சுவையாளர். அமெரிக்காவின் தெற்கில் வெயிலில் கழுத்து சிவக்க வேலை செய்யும் நாட்டுப்புறத்து வெள்ளையரை மற்றவர்கள் ‘ரெட்நெக்’ என்று கேலி செய்வார்கள். ‘நீங்கள் இன்னதைச் செய்கிறவர் என்றால் நீங்கள் ஒரு ரெட்நெக்காக இருக்கலாம்’ என்பது அவருடைய வாய்பாடு. 1993 இல் அதையே தலைப்பாக வைத்து அவர் வெளியிட்ட ஒலித்தொகுப்பு இலட்சக்கணக்கில் விற்றது. அந்த ஒரே வாய்பாட்டை அவர் எத்தனையோ நூறு தடவை நிரப்பியிருக்கிறார், சபை சலிக்கவில்லை. இதிலிருந்து ஒன்று விளங்கியது. சபை சிரிப்பது வாய்பாட்டுக்கு அல்ல. வாய்பாடு ஒரு வெற்றுப் பாத்திரம். அது செய்யும் வேலை ஒன்றுதான்: எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, கேட்பவரைத் தயாராக வைப்பது. வழமையான பகிடியில் ‘ஒரு ஊரில் ஒருவர் இருந்தார்’ என்று கதை கட்ட வேண்டும். இங்கே அந்தச் செலவு இல்லை, நிரப்பும் சொற்கள் மட்டுமே நம் வேலை.

முதல் நாள் இரவு குந்தியிருந்து இருபது வரி எழுதினேன். முழங்கால் வலிக்கும்போது, மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும்போது, ‘எங்கட காலத்தில’ என்று பேச்சைத் தொடங்கும்போது, கேக்கை விட மெழுகுதிரிக்குக் காசு கூடும்போது. எழுதும்போது கை தடங்கவே இல்லை, மளமளவென்று வந்தது. அப்படி வந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. எனக்கு முதலில் வந்தது, கேட்கப் போகிறவருக்கும் முதலில் வரும். ‘மூக்குக் கண்ணாடியை’ என்று நான் வாயெடுக்கும்போதே மண்டபம் ‘தலையில்’ என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நமக்கு முன்னரே கேட்பவர் போய்ச் சேர்ந்துவிட்டால் பகிடி முடிந்தது. இருபதையும் ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டினேன், இவை இனி வரக்கூடாத விடைகள் என்று.

‘குறிப்பான ஒரு பொருளைச் சொன்னால் புதிதாகிவிடும்’ என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். பாதி சரி. பிஸ்கட் டின்னைத் திறந்தால் உள்ளே ஊசியும் நூலும் இருக்கும் என்ற பகிடியை எடுத்துக்கொள்ளுங்கள். டின், ஊசி, நூல், பொத்தான் என்று எல்லாமே கையால் தொடக்கூடிய பொருள்கள். இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அதை உலகம் முழுவதும் ஆயிரம் பேர் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ஆகவே குறிப்பாக இருப்பது வேறு, புதிதாக இருப்பது வேறு. நாங்கள் எல்லோரும் கண்டிருக்க வேண்டும், ஆனால் ஒருவரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. அப்படியான ஒன்றைத்தான் தேட வேண்டியிருந்தது.

அதை மேசைக்கு முன்னால் இருந்து தேட முடியாது என்று இரண்டாம் நாள் தெரிந்தது. ‘வயது போனால் என்ன நடக்கும்?’ என்று என்னை நானே கேட்டால் மேசையில் ஒட்டிய இருபதும்தான் திரும்பி வந்தன. கேள்வியை மாற்றினேன். அந்த இருபதில் ஒன்றை எடுத்து, ‘இது எங்கள் ஊரில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வெளியே தெரிகிறது?’ என்று கேட்டேன்.

முழங்கால் வலியை எடுத்தேன். அது நாற்காலியில் தெரியாது, மோட்டார் சைக்கிளில் தெரியாது. நிலத்தில் இருந்து எழும்பும்போது தெரியும். எங்கள் ஊரில் பெரியவர்கள் நிலத்தில் குந்துவது எப்போது? இந்தக் காலத்தில் வீட்டிலேயே மேசைதான். கலியாண வீட்டில் சஹனுக்கு மட்டும் பாயில் இருந்தாக வேண்டும். சரி, கலியாண வீட்டில் முழங்கால் வலிக்கிற ஒருவர் என்ன செய்வார்? ‘ஆ’ என்று முனகுவார் என்று முதலில் எழுதினேன். அது பொய். எங்கள் வாப்பா முனகமாட்டார், வலியைக் காட்டவே மாட்டார்.

அவரிடமே கேட்டேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. ‘வாப்பா, சஹன்ல நீங்க எந்தப் பக்கம் இருப்பீங்க?’

‘தூண் பக்கம்’ என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

‘ஏன்?’

‘எழும்பக்குள்ள புடிக்க ஒண்டு வேணும்தானே.’

இதுதான் நான் தேடியது. முழங்கால் என்ற சொல்லே அதில் இல்லை, வலி என்ற சொல்லும் இல்லை. சாப்பிட வந்த மனிதர் சாப்பிட இருப்பதற்கு முன்பே எழும்புவதைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறார். முழங்கால் வலியைக் கேட்பவர் தானே கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு படியைக் கேட்பவர் தானாக ஏறுகிறபோதுதான் சிரிப்பு வருகிறது. ‘முழங்கால் வலிப்பதால் தூணைப் பிடித்து எழும்புவீர்கள்’ என்று நான் முழுவதையும் சொல்லிவிட்டால் ஏறுவதற்குப் படி இல்லை.

சரக்குக் கிடைத்த பிறகும் வரி உடனே நிற்கவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: ‘கலியாண வீட்டில் தூண் பக்கத்தில் உள்ள சஹனைத் தேடி ஓடிப்போய் இருக்கும்போது.’ உரக்க வாசித்தால் ஏதோ சப்பென்று இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. ‘தூண்’ என்ற சொல் வாயிலிருந்து வந்தவுடன் கேட்பவர் சிரிக்கத் தயாராகிறார். ஆனால் நானோ அதற்குப் பிறகும் ‘பக்கத்தில் உள்ள சஹனைத் தேடி ஓடிப்போய்’ என்று பேசிக்கொண்டே போகிறேன். சிரிப்பின் மேல் நானே தண்ணீர் ஊற்றுகிறேன்.

இது ஆங்கிலத்தில் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. அங்கே வினைச்சொல் நடுவில் வந்துவிடும், வெடிக்க வேண்டிய பெயர்ச்சொல்லைக் கடைசியில் வைக்கலாம். தமிழில் வாக்கியத்தின் கடைசி இடம் வினைக்குச் சொந்தம். தூணை வைக்க விரும்பும் இடத்தில் ‘இருக்கும்போது’ வந்து குந்திக்கொள்கிறது. ஆங்கிலப் பகிடிகளைத் தமிழாக்கிக் கைத்தொலைபேசியில் அனுப்புகிறார்களே, அவற்றில் பல மூலத்தில் சிரிப்பு வந்து தமிழில் வராமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். சொற்களை மாற்றியிருக்கிறார்கள், சிரிப்பு நிற்கும் இடத்தைக் கவனிக்கவில்லை.

ஆனால் தமிழிலும் வழி இருக்கிறது. ‘தேடுகிறீர்கள்’ என்ற வினையை ‘தேடுவது’ என்று பெயராக்கிவிட்டால் வாக்கியத்தை எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் முடிக்கலாம். ‘அவர் கேட்டது தண்ணீர்’ என்று நாங்கள் நாள்தோறும் பேசுகிற அமைப்புத்தான் இது. கடைசியில் வரி இப்படி வந்து நின்றது: ‘கலியாண வீட்டில் எல்லோரும் இறைச்சி கூடின சஹனைத் தேட, நீங்கள் தேடுவது தூண்.’ இறைச்சியை இடையில் வைத்தது வேண்டுமென்றே. மண்டபம் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தூண் வர வேண்டும்.

வாய்பாட்டை வரிக்கு முன்னால் சொல்வதா பின்னால் சொல்வதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ‘…என்றால் உங்களுக்கு வயது போய்விட்டது’ என்று பின்னால் சொல்வதுதான் தமிழுக்கு இயல்பு. எங்கள் விடுகதைகளும் ‘அது என்ன?’ என்று கடைசியில்தான் கேட்கின்றன. ஃபொக்ஸ்வர்தியும் மேடையில் பெரும்பாலும் நிரப்பை முன்னால் சொல்லி வாய்பாட்டைப் பின்னால் சொல்வார். அவருக்கு அது பொருந்துகிறது, ஏனெனில் சபைக்கு அந்த வாசகம் மனப்பாடம், அது பாட்டின் பல்லவி மாதிரி. எங்கள் பெற்றோருக்கு அது மனப்பாடம் இல்லை. அவர்கள் சிரிக்கிற நேரத்தில் நான் ‘என்றால் உங்களுக்கு வயது போய்விட்டது’ என்று இழுத்தால் இரண்டு சத்தமும் மோதும். ஆகவே கேள்வியாக முன்னால் வைத்தேன்.

ஒரு வரியாவது இவ்வளவு பாடுபட்டு நின்ற பிறகு மற்றவை கொஞ்சம் இலகுவாக வந்தன. அடுத்தது உம்மாவின் பீங்கான் அலுமாரியில் கிடைத்தது. உம்மா இன்றைக்கும் ‘அந்தப் புதுப் பீங்கான எடுங்க’ என்றுதான் சொல்வார். அந்த ‘புதுப்’ பீங்கான் அவருடைய கலியாணத்துக்கு வந்தது. ‘நீங்கள் புதுப் பீங்கான் என்று சொல்வதற்கு வயது இருபத்திரண்டாக இருக்கும்போது’ என்று எழுதினேன். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாசித்துக் காட்டியபோது தோழி ஒருத்தி, ‘இது வயசு இல்லடி, கஞ்சத்தனம்’ என்றாள்.

அவள் சொன்னதிலிருந்து ஒரு சோதனை கிடைத்தது. வரியை அப்படியே வைத்துக்கொண்டு வாய்பாட்டை மாற்றிப் பார்ப்பது. ‘உங்களுக்குக் கை இறுக்கம் என்று எப்போது தெரியும்?’ என்று கேட்டாலும் அந்தப் பீங்கான் வரி அழகாகப் பொருந்திவிட்டது. இரண்டு பூட்டையும் திறக்கிற திறப்பு எந்தப் பூட்டுக்கும் உரியதல்ல. பீங்கானுக்குப் பக்கத்தில் இன்னொரு வயதை வைத்தால்தான் காலம் தெரியும் என்று பட்டது. ‘புதுப் பீங்கானை எடுத்து வரச் சொல்கிறீர்கள். பீங்கானுக்கு வயது 22. எடுத்து வருகிற மகளுக்கு 17.’ இப்போது கஞ்சத்தனம் விலகிவிட்டது. உம்மாவுக்கு அந்தக் கலியாணம் நேற்றுத்தான் நடந்தது என்பது மட்டும் மிஞ்சியது. இருபது என்று முழு எண்ணாகச் சொல்லாமல் உண்மையான 22 ஐயே வைத்தேன். முழு எண் சொன்னால் யோசித்து எழுதியது போல் இருக்கும், 22 என்றால் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும்.

தூக்கி எறிந்த வரிகளும் உண்டு. எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டைப் பற்றிய ஒன்று எங்கள் வீட்டில் எல்லோரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. பக்கத்து வீட்டில் சொன்னபோது, ‘அதுக்கு என்ன?’ என்றார்கள். கூட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாதவர்களுக்கு அது விளங்காது. அவ்வளவு உள்ளே போகக் கூடாது. விலைவாசி வரிகளும் போயின. ‘நாங்க படிக்கக்குள்ள பஸ்ஸுக்கு இவ்வளவுதான்’ என்று சொல்வது ஒரு காலத்தில் வயதின் அடையாளமாக இருந்திருக்கும். 2022 இல் விலைகள் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு என் பன்னிரண்டு வயதுத் தம்பியே ‘அந்தக் காலத்தில’ என்று பாண் விலை சொல்கிறான். அந்த இடத்தை நாட்டு நிலைமையே நிரப்பிவிட்டது.

எங்கள் வகுப்பையும் விடவில்லை. பெற்றோரை மட்டும் வைத்துச் சிரித்தால் அது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. பதினேழு வயதிலும் வயது போகும். ஒரு நாள் இடைவேளையில் ஆறாம் தரப் பிள்ளை ஒன்று என்னைக் கண்டதும் வாயிலிருந்த டொபியை அவசரமாக விழுங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஸலாம் சொன்னது. சொன்னது ‘ராத்தா’ என்று அல்ல, ‘மிஸ்’ என்று. அதை நான் கொஞ்சமும் மாற்றாமல் அப்படியே எழுதினேன், ‘மிஸ்’ என்ற சொல்லில் முடித்து.

ஒன்பது வரி ஆகிவிட்டது. பத்தாவதுக்கு ஒரு தோழி தந்தது மிகவும் நல்ல வரி. உம்மாமார் எங்களைக் கூப்பிடும்போது வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசியில்தான் எங்கள் பெயருக்கு வருவார்கள், சில நாட்களில் பூனையின் பெயரும் இடையில் வரும். எல்லா வீட்டிலும் நடப்பது, யாரும் மேடையில் சொல்லாதது. நிச்சயமாகச் சிரிப்பார்கள். நான் எழுதி, குசினியில் உம்மாவுக்குப் பத்தையும் வாசித்துக் காட்டினேன். ஒன்பதுக்கும் சிரித்தார். பீங்கானுக்கு ‘அடி கள்ளி’ என்றார். பத்தாவதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அரிசி களையப் போய்விட்டார்.

எங்கள் மூத்தம்மா, உம்மாவின் உம்மா, எங்களுடன்தான் இருக்கிறார். முன்பு அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். பேத்திமார் பெயரெல்லாம் வரிசையாக வரும், கடைசியில் நான் வருவேன். இப்போது அந்த வரிசையில் எங்கள் பெயர்கள் இல்லை. மவுத்தான அவருடைய தங்கச்சிமாரின் பெயர்கள் வருகின்றன. சில நாள் வரிசை முடியாமல் பாதியில் நின்றுவிடும். இதையும் அதே வாய்பாட்டில் எழுதலாம், இலக்கணம் சரியாக இருக்கும். எவருக்கும் தெரியாத, எங்கள் வீட்டுக்கே உரிய புதிய விவரம். நான் இவ்வளவு நேரம் சொன்ன எல்லாச் சோதனையிலும் அது தேறும். எழுதி வாசித்தால் மண்டபம் அமைதியாகிவிடும்.

அப்போதுதான் மற்ற ஒன்பதையும் திரும்பப் பார்த்தேன். தூணைத் தேடுகிறவர் ஒரு யோசனை செய்கிறார், கெட்டிக்காரர். ‘புதுப் பீங்கான்’ என்கிறவர் ஒரு சந்தோஷத்தைப் பழசாக விடாமல் வைத்திருக்கிறார். அவர்கள் வயதோடு ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள், அதற்குத்தான் நாங்கள் சிரிக்கிறோம். மூத்தம்மா எதையும் செய்யவில்லை, அது அவருக்கு நடக்கிறது. ஃபொக்ஸ்வர்தி ஜோர்ஜியாக்காரர், தன் சொந்தச் சனத்தைச் சொல்லிச் சிரித்தார். வடக்கிலிருந்து ஒருவர் வந்து அதே வரிகளைச் சொல்லியிருந்தால் அது வேறு சங்கதி. மறதியைப் பற்றி நான் சொல்வதும் அப்படித்தான், நான் அந்த ஊரில் இல்லை.

ஆனாலும் ஆவல் விடவில்லை. அன்று அஸருக்குப் பிறகு மூத்தம்மாவுக்குத் தலை வாரும்போது அவரிடமே கேட்டேன்.

‘மூத்தம்மா, வயசு போயிட்டெண்டு எப்ப தெரியும்?’

கொஞ்ச நேரம் யோசித்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

‘கேக்கிற ஆள் ஆரெண்டு தெரியாட்டி’ என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அவருக்கு என்னைத் தெரிந்து பகிடி விட்டாரா, தெரியாமல் உண்மையைச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. தலையை வாரி முடித்துக் கொண்டை போட்டுவிட்டேன். வெடிக்க வேண்டிய சொல் சரியாகக் கடைசியில் வந்திருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

பத்து வரியிலும் அதுதான் ஆகச் சிறந்தது என்று எனக்குத் தெரியும். மேடைக்கு அதை எடுத்துப் போகவில்லை. அவர் சொன்னால் பகிடி, நான் சொன்னால் வேறொன்று. உம்மாவிடம் சொன்னேன். இந்த மலரில் எழுதலாமா என்று பிறகு கேட்டபோது, ‘எழுதுங்க மகள், அது அவட சொல்தானே’ என்றார். பெயர் வரிசை வரியையும் எடுத்துவிட்டேன். அந்த மண்டபத்தில் எத்தனை வீடுகளில் வரிசை பாதியில் நிற்கிறதோ.

ஒன்பது வரியுடன்தான் மேடை ஏறினேன். டொபியை முதலில் வைத்தேன், எங்களை நாங்களே சொல்லிச் சிரித்தால் பெரியவர்கள் பயமில்லாமல் சிரிப்பார்கள் என்று. தூணைக் கடைசிக்கு முதல் வைத்தேன். மூன்றாவது வரிக்குப் பிறகு நான் கேள்வியைத் தொடங்கியதும் பின்வரிசை மாணவிகள் ‘எப்போது தெரியும்?’ என்று சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். நான் எதிர்பார்க்காத உதவி. பீங்கானுக்கு உம்மாமார் பக்கம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். தூணுக்கு முதலில் வாப்பாமார் பக்கத்திலிருந்துதான் சத்தம் வந்தது. உம்மாமார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு நொடி பிந்திச் சிரித்தார்கள், சஹனில் தங்கள் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று அவர்கள் கண்டதில்லையே.

அடுத்த கிழமை ஒரு கலியாணத்துக்குப் போய்வந்த வாப்பா, சேட்டைக் கழற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். அன்று அவர் முந்திப் போயும் தூண் பக்கம் ஒரு சஹனிலும் இடம் கிடைக்கவில்லையாம்.